குமிழி யார் பக்கம்?

கோவையில் கணபதி பக்கமோ பீளமேடு பக்கமோ, எந்த லேத் பட்டறையாக இருந்தாலும் சரி, புது மெஷின் வந்து இறங்கிய மறுநாள் ஏறக்குறைய இந்தப் பேச்சைக் கேட்கலாம். பையன் லேத்தின் பெட் மேல் ரசமட்டத்தை வைத்துவிட்டு அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"அண்ணா, குமிழி நடுவுல நிக்கவே மாட்டேங்குதுங்க. பெட்டு சாஞ்சு கெடக்குது."

மூத்த ஃபிட்டர் தலை நிமிராமலே கேட்பார்: "திருப்பி வெச்சுப் பாத்தியா?"

பையன் பார்த்திருக்க மாட்டான்.

குமிழி நடுவில் நிற்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. பெட் சாய்ந்திருக்கலாம், ரசமட்டமே தப்பாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். குமிழி இந்த இரண்டின் கூட்டுத்தொகையை மட்டும்தான் காட்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று அது பிரித்துச் சொல்லாது. பிரித்துப் பார்க்க இதைவிட உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவும் வேண்டாம். அதே ரசமட்டத்தை அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வைத்தால் போதும். வெர்னியரையோ மைக்ரோமீட்டரையோ சோதிக்க நம்பகமான இன்னொரு அளவு தேவை. தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் கருவிகள் மிகக் குறைவு, ரசமட்டம் அந்தச் சிலவற்றில் ஒன்று.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ரசம் என்றால் சாறு, பாதரசத்தையும் ரசம் என்போம். ரசமட்டத்தின் கண்ணாடிக் குழாய்க்குள் இருப்பதோ இரண்டுமே இல்லை. ஆல்கஹால், நுட்பமான வகைகளில் ஈதர். பிரான்ஸ் நாட்டு மெல்ஷிசெடெக் தெவனோ 1661 வாக்கில் இந்தக் கருவியை உருவாக்கியபோதே ஆல்கஹால்தான் நிரப்பினார். தண்ணீர் ஊற்றினால் குளிர் நாட்டில் உறைந்துபோகும். உறையாத ஊரிலும் அது கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு குமிழியை எளிதில் நகரவிடாது. ஆல்கஹாலிலும் ஈதரிலும் குமிழி வழுக்கிக்கொண்டு போகும்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடிக் குழாய் நேராகத் தெரியும். உண்மையில் அதன் உள்சுவர் நேரானதல்ல. குழாய் முற்றிலும் நேராக இருந்தால், கடுகளவு சாய்ந்ததுமே குமிழி ஒரு கோடிக்கு ஓடிவிடும். எவ்வளவு சாய்ந்தது என்று சொல்லாது. அதனால் உள்சுவரை நடுவில் லேசாகத் தொந்தி போட்ட பீப்பாய் மாதிரி தேய்த்து எடுக்கிறார்கள். நீளவாக்கில் பார்த்தால் குழாயின் கூரை ஒரு பெரிய வட்டத்தின் சின்னஞ்சிறு துண்டு. குமிழி எப்போதும் அந்த வளைவில் எது உயர்ந்த இடமோ அங்கே போய் நிற்கும். குழாய் சாய்ந்தால் உயர்ந்த இடம் மாறும், குமிழியும் கூடவே நகரும்.

அந்த வட்டம் எவ்வளவு பெரியது என்பதில்தான் ரசமட்டத்தின் கூர்மை இருக்கிறது. கணக்கு எளிது: குமிழி நகரும் தூரம் = வட்டத்தின் ஆரம் × சாய்வு. ஒரு குழாயின் வளைவு 1 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தைச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு 2 மி.மீ. சாய்வு கொடுத்தால் குமிழி 2 மி.மீ. நகரும். சுவர் கட்ட அது போதும். சிவில் டிப்ளமோ மாணவர்கள் நில அளவையில் பயன்படுத்தும் லெவல் கருவியில், 2 மி.மீ. கட்டம் ஒன்றுக்கு 20 விநாடிக் கோணம் என்ற குழாய் வழக்கமானது. (இது கடிகார விநாடி அல்ல, ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் வருவது.) அதன் வளைவின் ஆரம் சுமார் 20 மீட்டர். லேத் பொருத்துகிறவர் பெட்டியிலிருந்து எடுக்கும் பிரிசிஷன் லெவலில் "0.02 மி.மீ./மீ." என்று எழுதியிருக்கும். குமிழி ஒரு கட்டம் நகர்ந்தால் மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வு, கோணமாகச் சொன்னால் சுமார் 4 விநாடி. கட்டத்தின் அகலம் 2 மி.மீ. என்றால் வளைவின் ஆரம் 100 மீட்டர்.

100 மீட்டர் ஆரமுள்ள வட்டத்திலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டியெடுத்தால் அதில் வளைவு என்று என்ன மிஞ்சும்? அந்தக் கூரையில் 40 மி.மீ. நீளத்தை எடுத்துக்கொண்டால், அதன் நடுப்பகுதி ஓரங்களைவிட 0.002 மி.மீ. உயரம். அதாவது 2 மைக்ரான். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும். முடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு மேட்டைக் குழாயின் உட்புறத்தில், ஓரிடத்திலும் பள்ளம் தட்டாமல், ஒரே சீராகத் தேய்த்து வைத்திருக்கிறார்கள். பிரிசிஷன் லெவலின் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இந்த 2 மைக்ரானை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் சமாதானமாகலாம்.

இந்தக் கூர்மை எப்படிப்பட்டது என்று கையால் உணரச் சமையலறையில் ஒரு பொருள் இருக்கிறது. சப்பாத்தி சுற்றி வைக்கும் அலுமினியத் தாள் சுருளின் அட்டையில் பல நேரம் 11 மைக்ரான் என்று அச்சிட்டிருக்கும். 200 மி.மீ. நீளமுள்ள பிரிசிஷன் லெவலின் ஒரு முனைக்கு அடியில் அந்தத் தாளில் ஒரு துண்டைச் சுருக்கமில்லாமல் வைத்தால், குமிழி ஏறக்குறைய இரண்டே முக்கால் கட்டம் நகரும். சாதாரண ஜெராக்ஸ் தாளை வைத்தால் 25 கட்டம் நகர வேண்டும். அவ்வளவு கட்டம் குழாயில் கிடையாது, குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இந்த லெவலுக்கு ஒரு கட்டம் என்பது ஒரு முனை வெறும் 4 மைக்ரான் உயர்வது.

இன்னொரு விதத்திலும் பார்க்கலாம். பூமி உருண்டை என்பதால் ஊருக்கு ஊர் 'கீழே' என்ற திசை கொஞ்சம் மாறும். 127 மீட்டர் நடந்தாலே அந்தத் திசை 0.02 மி.மீ./மீ. அளவுக்குத் திரும்பியிருக்கும். தெருக்கோடியில் வைத்த மேசையும் வீட்டில் வைத்த மேசையும் தத்தம் இடத்தில் மிகச் சரியான மட்டமாக இருந்தாலும், அவை ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. இடையில் இருப்பது இந்த லெவலின் ஒரு கட்டம்.

இவ்வளவு கூர்மையான கருவிக்கு ஒரு தொல்லையும் உண்டு. எல்லாமே அதற்குத் தெரிந்துவிடும். பக்கத்தில் ஒருவர் கால் மாற்றி நின்றால், தரை அமுங்குவதைக் காட்டும். குழாயின் ஒரு முனைக்கருகே விரலைக் கொண்டுபோய் வைத்தால், சிறிது நேரத்தில் குமிழி விரல் இருக்கும் பக்கம் நகரத் தொடங்கும். சூடான பக்கம் குமிழியை இழுக்கும். ஜன்னல் வழியே வெயில் ஒரு பக்கம் பட்டாலும் இதே கதை. அதனால்தான் நல்ல லெவல்களில் கைபிடிக்கும் இடத்தில் மரமோ பிளாஸ்டிக்கோ இருக்கும். வெறும் இரும்பைப் பிடித்துத் தூக்கினால் உள்ளங்கைச் சூடு இரும்பில் ஏறி அதன் உடம்பையே வளைத்துவிடும். சூடு பெற்ற பக்கம் நீள்கிறது, மற்றது அப்படியே இருக்கிறது. 4 மைக்ரானுக்கு அது போதாதா?

அது மட்டுமல்ல, பொறுமையையும் கேட்கும். குமிழி போய்ச் சேர வேண்டிய 'மேடு' 2 மைக்ரான் உயரம்தான் என்றால், அதை நோக்கித் தள்ளும் விசையும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். கொத்தனாரின் மட்டத்தில் குமிழி துள்ளிப் போய் நிற்கும். பிரிசிஷன் லெவலில் அது ஊர்ந்து போகும். நின்றுவிட்டது என்று தோன்றிய பிறகும் அரை நிமிடமாவது காத்திருந்து படிப்பது நல்லது. பையன்கள் செய்யும் தவறுகளில் பாதி இங்கேதான். குமிழி வழியில் இருக்கும்போதே படித்துவிடுவார்கள்.

இனி திருப்பி வைக்கும் சோதனைக்கு வருவோம். வேண்டியது ஒரு கிரானைட் சர்ஃபேஸ் பிளேட், அல்லது நன்றாகச் சமன் செய்த வார்ப்பிரும்புப் பிளேட். இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வரும். பிளேட் மட்டமாக இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. சமதளமாக இருந்தால் போதும். மட்டம் வேறு, சமதளம் வேறு. சாய்த்து வைத்த கண்ணாடிப் பலகை சமதளம்தான், ஆனால் மட்டமல்ல. சாய்வு குமிழியை ஓரத்துக்குத் தள்ளாத அளவுக்கு இருந்தால் சோதனை நடக்கும்.

பிளேட்டையும் லெவலின் அடிப்பாகத்தையும் பஞ்சு ஒட்டாத துணியால் துடைத்து, கடைசியில் வெறும் உள்ளங்கையால் ஒரு முறை தடவிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத பொடி கைக்குத் தெரியும். லெவலைப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே படிக்கக் கூடாது. பிளேட்டின் மேலேயே அரைமணி நேரமாவது கிடந்து இரண்டும் ஒரே சூட்டுக்கு வரட்டும். பிறகு ஒரு நேர்ச்சட்டத்தைப் பிளேட்டில் அசையாமல் வைத்து, லெவலை அதை ஒட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு முனையும் எங்கே முடிகின்றன என்று சாக்பீஸில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். திருப்பி வைக்கும்போது லெவல் அதே கோடுகளுக்கு நடுவே, அதே சட்டத்தை ஒட்டி உட்கார வேண்டும்.

எண்ணிக்கையில் ஒரு சோதனையை நடத்திப் பார்ப்போம். பிளேட்டின் ஒரு பக்கம் ஜன்னல், எதிர்ப்பக்கம் கதவு. லெவலின் ஒரு முனையில் கம்பெனிப் பெயர் பொறித்திருக்கிறது. அதைப் பெயர்முனை என்போம். முதலில் பெயர்முனை ஜன்னலைப் பார்க்க வைக்கிறோம். குமிழி ஜன்னல் பக்கம் 3 கட்டம் தள்ளி நிற்கிறது. லெவலைத் தூக்கி, திருப்பி, பெயர்முனை கதவைப் பார்க்க வைக்கிறோம். காத்திருந்து படித்தால் குமிழி இப்போதும் ஜன்னல் பக்கம்தான், ஆனால் 1 கட்டம் மட்டுமே.

பிளேட் நகரவில்லை. அதன் சாய்வு இரண்டு தடவையும் ஒரே பக்கம், ஒரே அளவு. லெவலின் பிழை மட்டும் லெவலோடு சேர்ந்து திரும்பிவிட்டது. முதலில் ஜன்னல் பக்கம் தள்ளியது இப்போது கதவுப் பக்கம் தள்ளுகிறது. ஆகவே ஒரு முறை இரண்டும் கூடின, மறுமுறை ஒன்றை ஒன்று கழித்தன. 3-ஐயும் 1-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 2. அது பிளேட்டின் சாய்வு. 3-இலிருந்து 1-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 1. அது லெவலின் பிழை. பிளேட் ஜன்னல் பக்கம் 2 கட்டம் உயர்ந்திருக்கிறது. லெவல் எப்போதும் தன் பெயர்முனைப் பக்கம் 1 கட்டம் கூடுதலாகச் சொல்கிறது. சரிபார்த்தால் முதலில் 2 + 1 = 3, அடுத்து 2 − 1 = 1.

அளவாகச் சொன்னால் லெவலின் பிழை மீட்டருக்கு 0.02 மி.மீ.; பிளேட்டின் சாய்வு மீட்டருக்கு 0.04 மி.மீ. பிளேட் 630 மி.மீ. நீளம் என்றால் அதன் ஜன்னல் ஓரம் கதவு ஓரத்தைவிட 0.025 மி.மீ. உயரம். இவ்வளவும் ஒரே ஒரு திருப்பலில் கிடைத்த தகவல்.

கணக்குப் போடப் பிடிக்காதவர்களுக்குப் பட்டறையில் ஒரு சுருக்கு வழி உண்டு. திருப்பி வைத்த பிறகும் குமிழி அறையின் அதே பக்கம், அதே அளவில் நின்றால் சாய்வு முழுவதும் தளத்துடையது. குமிழி லெவலின் அதே முனையை ஒட்டி, அதாவது அறையின் எதிர்ப்பக்கத்துக்கு, லெவலோடு சேர்ந்து போனால் குற்றம் முழுவதும் லெவலுடையது. இடையில் நின்றால் இருவரும் பங்காளிகள்.

லெவலைத் திருத்துவது அடுத்த வேலை. குழாய் பொருத்தியிருக்கும் சட்டத்தின் ஒரு முனையில் சிறு திருகு இருக்கும். பெரும்பாலும் ஒரு மூடிக்கு அடியில். அதைத் திருகினால் குழாயின் அந்த முனை ஏறும் அல்லது இறங்கும். கேள்வி என்னவென்றால், குமிழியை எங்கே கொண்டுவர வேண்டும்? நடுவுக்கு என்று கை பரபரக்கும். அது தப்பு. நம் உதாரணத்தில் திருப்பி வைத்த நிலையில் குமிழி 1-இல் நிற்கிறது. அதை 2-க்குக் கொண்டுபோக வேண்டும். பிளேட் உண்மையிலேயே 2 கட்டம் சாய்ந்திருப்பதால், நேர்மையான லெவல் அங்கே 2 என்றுதான் காட்ட வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை மட்டும் திருகில் திருத்தினால் போதும்; மீதிப் பாதி பிளேட்டுக்குச் சொந்தமானது.

இதை அறியாத ஒருவர் முதல் நிலையிலேயே 3-இல் நின்ற குமிழியை நடுவுக்கு இழுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பார்க்க அழகாக இருக்கும். உண்மையில் என்ன நடந்தது? பிளேட்டின் சாய்வையும் சேர்த்து லெவலுக்குள் ஊற்றிவிட்டார். முன்பு பெயர்முனைப் பக்கம் 1 கட்டமாக இருந்த பிழை, இப்போது எதிர்முனைப் பக்கம் 2 கட்டம். திருப்பி வைத்தால் குமிழி 4-இல் போய் நிற்கும். திருப்பி வைக்காதவரை அவருக்கு இது தெரியவே தெரியாது. நடுவில் நிற்கும் குமிழியை நம்பி அடுத்த மெஷினைப் பொருத்தப் போய்விடுவார். குமிழி நடுவில் நிற்பதைப் பார்த்து மட்டுமே ஒரு லெவல் சரியானது என்று முடிவு செய்ய முடியாது. எதிரெதிர் பிழைகள் ஒன்றை ஒன்று மறைத்தாலும் அது நடுவில்தான் நிற்கும்.

திருகைத் தொட்ட பிறகு மறுபடி காத்திருக்க வேண்டும். சாவியும் விரலும் சூடு ஏற்றியிருக்கும். மறுபடி இரண்டு நிலையிலும் படிக்க வேண்டும். முதல் தடவையிலேயே சரியாக உட்கார்ந்துவிடுவது அபூர்வம். இரண்டு மூன்று சுற்று போகும்.

படிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. குளிர்ந்த காலையில் திரவம் சுருங்குவதால் குமிழி நீளமாக இருக்கும். மதிய வெயிலில் திரவம் விரிந்து குமிழி குறுகும். ஆகவே குமிழியின் ஒரு முனையை மட்டும் பார்த்துக் கணக்கிட்டால் பிழை வரும். இரண்டு முனையையும் படிக்க வேண்டும். ஜன்னல் பக்க முனை அதன் முதன்மைக் கோட்டைத் தாண்டி 4 கட்டம், கதவுப் பக்க முனை அதன் கோட்டுக்கு உள்ளே 2 கட்டம் என்றால், 4-ஐயும் 2-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் குமிழியின் நடு 3 கட்டம் நகர்ந்திருக்கிறது என்று வரும். மேலே நேராகக் குனிந்து பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் அரைக் கட்டம் கண்ணிலேயே போய்விடும்.

தளம் ஏன் சமதளமாக இருக்க வேண்டும் என்ற கேள்வி இன்னும் பாக்கி. பல லெவல்களின் அடிப்பாகம் நடுவில் லேசாகக் குடைந்திருக்கும். இரண்டு முனைகள்தான் தளத்தைத் தொடும். திருப்பி வைக்கும்போது ஒரு பாதம் இருந்த இடத்தில் மற்ற பாதம் இறங்குகிறது. இரண்டு பாதமும் முன்பு தொட்ட அதே புள்ளிகளில் இம்மி பிசகாமல் இறங்கினால், தளம் கரடாக இருந்தாலும் பாதகமில்லை. அந்த மேடு பள்ளமும் தளத்தின் சாய்வுக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் மனிதக் கை 1 மி.மீ., 2 மி.மீ. பிசகத்தான் செய்யும். அந்த 2 மி.மீ. தள்ளி ஒரு 4 மைக்ரான் மேடு இருந்தால், லெவலின் பிழை என்று நாம் எழுதிக்கொள்ளும் எண்ணில் அந்த மேடும் கலந்துவிடும். நல்ல சர்ஃபேஸ் பிளேட்டில் இந்தச் சிறு பிசகல் மன்னிக்கப்படும், டைல்ஸ் தரையில் மன்னிக்கப்படாது. தரை டைல்ஸ் மேல் வைத்துப் பிரிசிஷன் லெவலைத் திருத்த முயன்றவர்கள் திருகைத்தான் தேய்த்திருக்கிறார்கள்.

சோதனை நம்பத்தக்கதா என்று கண்டுபிடிக்கும் வழி இதுதான்: இரண்டாவது அளவு எடுத்த பிறகு லெவலை மறுபடி முதல் நிலைக்கே கொண்டுவர வேண்டும். முதலில் 3 என்றால் இப்போதும் 3 வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் திருகைத் தொடவே கூடாது. அடியில் தூசி இருக்கலாம், விளிம்பில் பிசிறு எழுந்திருக்கலாம், லெவல் நடுமேட்டில் உட்கார்ந்து ஊஞ்சலாடலாம். எதிரெதிர் மூலைகளை மாறி மாறி விரலால் அழுத்திப் பார்த்தால் ஆட்டம் கைக்குத் தெரியும். கீழே விழுந்த லெவலின் அடி விளிம்பில் எழும் பிசிறை மென்மையான எண்ணெய்க் கல்லால் ஒரு தடவை வருடிவிட்டாலே பல நேரம் 'பழுதான' லெவல் குணமாகிவிடும்.

திருப்பி வைப்பதால் தெரியாதது ஒன்றும் உண்டு. லெவலின் நடுப்புள்ளி சரியா என்பதைத்தான் இந்தச் சோதனை சொல்லும். ஒரு கட்டம் உண்மையிலேயே 0.02 மி.மீ./மீ. தானா என்பதைச் சொல்லாது. அதற்குத் தெரிந்த அளவு சாய்வு ஒன்றை நாமே கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு உருளைகளுக்கு இடையே 200 மி.மீ. உள்ள சைன் பாரை எடுத்து, ஒரு உருளைக்கு அடியில் 1.000 மி.மீ. ஸ்லிப் கேஜ், மற்றதற்கு அடியில் 1.004 மி.மீ. ஸ்லிப் கேஜ் வைத்தால், வித்தியாசம் 4 மைக்ரான், 200 மி.மீ. நீளத்தில் அது மீட்டருக்கு 0.02 மி.மீ. இரண்டு பக்கமும் 1.000 வைத்தபோது குமிழி நின்ற இடத்திலிருந்து அது ஒரு கட்டம் நகர வேண்டும். 1.008 வைத்தால் இரண்டு கட்டம். ஒரு பக்கம் சீராக நகர்ந்து மறுபக்கம் தயங்கினால், உள்சுவரின் வளைவு சீராக இல்லை. அதற்குத் திருகில் மருந்து கிடையாது. குழாயையே மாற்ற வேண்டும்.

மறுபடி பட்டறைக்கு வருவோம். மூத்த ஃபிட்டர் சொன்னபடி பையன் லெவலைத் திருப்பி வைத்துப் பிழை 1 கட்டம் என்று கண்டுபிடித்துவிட்டான். கையில் சர்ஃபேஸ் பிளேட் இல்லை, திருத்த நேரமும் இல்லை. வேலையை நிறுத்த வேண்டுமா? வேண்டாம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முறை, திருப்பித் திருப்பி வைத்துச் சராசரி எடுத்தால் லெவலின் பிழை தானாகக் கழன்றுவிடும். வானியல் தொலைநோக்கிகளின் அச்சு மேல் கால் பரப்பி உட்கார வைக்கும் லெவல்களை வானியலாளர்கள் இப்படித்தான் பயன்படுத்தினார்கள். படித்து, தூக்கி, திருப்பி வைத்து, மறுபடி படிப்பார்கள்.

லேத் பெட்டில் இன்னும் எளிது. அங்கே உண்மையில் கவலை பெட் மட்டமாக இருக்கிறதா என்பதல்ல, முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பது. சரிவில் ஓடும் கப்பலிலும் லேத் ஓடும். முறுக்கிய பெட்டில் நேரான தண்டு வராது. லெவலைப் பெட்டுக்குக் குறுக்காக ஹெட்ஸ்டாக் அருகே வைத்துப் படிக்க வேண்டும். பிறகு அதைத் திருப்பாமல், பெயர்முனை அதே திசையைப் பார்த்தபடியே, டெயில்ஸ்டாக் பக்கம் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும். முதலில் 2, அடுத்து 4 என்றால் முறுக்கு 2 கட்டம். லெவலில் எவ்வளவு பிழை இருந்தாலும் இரண்டு எண்ணிலும் அது சமமாக இருப்பதால் கழிக்கும்போது போய்விடும். இந்த இடத்தில் மட்டும் திருப்பி வைப்பதுதான் தவறு.

அந்த 2 கட்ட முறுக்கு மீட்டருக்கு 0.04 மி.மீ. பெட்டிலிருந்து தண்டின் மையம் 200 மி.மீ. உயரத்தில் இருக்கும் லேத்தில், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும்போது கட்டிங் டூல் 0.008 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்திருக்கும்; தண்டின் விட்டத்தில் 0.016 மி.மீ. கூடும் அல்லது குறையும். பேரிங் உட்கார வேண்டிய தண்டு என்றால் இது வேலையைக் கெடுக்கும். டெயில்ஸ்டாக் பக்கக் கால்களில் இருக்கும் லெவலிங் போல்ட்டைச் சிறிது சிறிதாகத் திருகி, இரண்டு இடத்திலும் ஒரே எண் வரும்வரை ஃபிட்டர் விடமாட்டார். அது 2 ஆக இருக்கலாம், 3 ஆக இருக்கலாம்; இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு மைக்ரான் கணக்கு வேண்டாம், திருப்பி வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டும். ஹார்டுவேர் கடையில் ரசமட்டம் வாங்கும்போது கடைக்காரரின் கண்ணாடி மேசை மேல் வைத்து, விளிம்பு இருக்கும் இடத்தை விரலால் அடையாளம் பிடித்துக்கொண்டு, ஒரு முறை முன்பின்னாகத் திருப்பிப் பாருங்கள். இரண்டு தடவையும் குமிழி தெருப் பக்கமே ஒரே அளவு நின்றால் மேசைதான் சாய்வு, காசைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். குமிழி மட்டத்தின் ஒரே முனையைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றி வந்தால், அடுத்ததை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.